17 லட்சம் வருகிறது, 14 லட்சம்தான் கட்ட வேண்டும்: வங்கி ஏன் தயங்குகிறது?

கேள்வி: கோவையில் எட்டு வருடமாக ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். பழைய மெஷின்களில் வருடம் 35 லட்சத்துக்கு பில் போடுகிறேன். இப்போது ஒரு விஎம்சி, ஒரு சிஎன்சி டர்னிங் வாங்க எல்லாம் சேர்த்து 60 லட்சம் ஆகும். என் கையில் 12 லட்சம் இருக்கிறது. 48 லட்சம் ஐந்து வருடக் கடனாகக் கேட்டேன். புது மெஷின் வந்தால் 62 லட்சத்துக்கு பில், 45 லட்சம் செலவு, 17 லட்சம் மிச்சம் என்று ஆடிட்டர் அறிக்கை போட்டார். வட்டியும் அசலும் சேர்த்து முதல் வருடம் 14.4 லட்சம்தான். ஆனாலும் டிஎஸ்சிஆர் 1.18 தான் வருகிறது, போதாது என்று வங்கியில் திருப்பிவிட்டார்கள். வீட்டுப் பத்திரம் தருகிறேன் என்றேன், அப்போதும் யோசிக்கிறார்கள். பில் தொகையை 75 லட்சமாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என் மாமா 10 லட்சம் தரத் தயார். ஐந்தில் ஒரு பங்கு கொடுத்துப் பார்ட்னராகச் சேர்த்துக்கொள், இல்லையென்றால் கைமாற்றாகவே தருகிறேன் என்கிறார். வீட்டுக்கு மாதம் 30,000 எடுப்பதைத் தவிர எனக்கு வேறு செலவு இல்லை. ஓரமாகக் கிடக்கும் பழைய லேத் ஒன்றை விற்றால் 2 லட்சம் வரும். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வணக்கம். நீங்கள் அனுப்பிய திட்ட அறிக்கையை வரிக்கு வரி பார்த்தேன். கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை. ஆனால் ஒரு செலவு அதில் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்தால் நிலைமை 1.18-ஐ விடவும் மோசம். அதற்கு வருவதற்கு முன், இந்த 1.18 என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

டிஎஸ்சிஆர் ஒரு சாதாரண வகுத்தல் கணக்குதான். மேலே வருவது, தவணை கட்ட அந்த வருடம் உங்கள் கையில் நிற்கும் பணம். கீழே வருவது, அந்த வருடம் கட்ட வேண்டிய வட்டியும் அசலும். மேலே உள்ள தொகைக்கு வரி போக நிற்கும் லாபத்தை எடுத்து, அதோடு தேய்மானத்தையும் கடன் வட்டியையும் திரும்பக் கூட்டுவார்கள். தேய்மானம் கணக்குப் புத்தகத்தில் செலவாக எழுதப்படுகிறதே தவிர, அந்தப் பணம் யாருக்கும் போவதில்லை. வட்டியைக் கூட்டக் காரணம், அதே வட்டி கீழேயும் இருக்கிறது. இரண்டு பக்கமும் பார்த்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும். உங்கள் கணக்கில் வருமான வரி முதல் சில வருடங்களுக்குப் பெரிதாக வராது. அதனால் மேலே 17 லட்சம் என்பது அறிக்கைப்படி சரி. கீழே அசல் மாதம் 80,000 வீதம் வருடம் 9.6 லட்சம். 11 சதவீத வட்டிக்கு முதல் வருடம் 4.8 லட்சம். மொத்தம் 14.4.

அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பதால், அடுத்தடுத்த வருடங்களில் விகிதம் தானாக ஏறும். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து உங்கள் சராசரி 1.38 வருகிறது. வங்கிகள் பொதுவாகச் சராசரி 1.5 எதிர்பார்க்கும். எந்த ஒரு வருடமும் 1.2-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் நல்லது என்று பார்க்கும். வங்கிக்கு வங்கி இது கொஞ்சம் மாறும். உங்கள் அறிக்கை இரண்டிலுமே இடிக்கிறது.

சரி, 2.6 லட்சம் மிச்சம் இருக்கிறதே, அது போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். அந்த 2.6 லட்சத்தை நாள் கணக்கில் மாற்றிப் பாருங்கள். வருடத்துக்கு 300 வேலை நாள், 62 லட்சம் பில் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 20,700 ரூபாய். ஒரு நாள் லோடு இல்லாவிட்டால் அந்த 20,700 போகும். ஆனால் சம்பளம், வாடகை, இன்சூரன்ஸ் எதுவும் நிற்காது. கரண்ட், டூல், கூலன்ட் இவற்றில்தான் மிச்சமாகும். உங்கள் செலவுப் பட்டியலைப் பார்த்தால், 100 ரூபாய் வேலை குறைந்தால் 25 ரூபாய் செலவு குறைகிறது, 75 ரூபாய் உங்கள் கையை விட்டே போகிறது. அப்படிப் பார்த்தால் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய் வேலை குறைந்தாலே 2.6 லட்சம் தீர்ந்துவிடும். அது 17 நாள் வேலை.

பட்டறை நடத்துபவருக்கு 17 நாள் எப்படிப் போகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்பிண்டில் பழுதாகி, சர்வீஸ் ஆள் வந்து, பார்ட் வந்து சேருவதற்குள்ளேயே பத்து நாள் ஓடிவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆப்பரேட்டர் ஒரு வாரம் தள்ளி வருவார். உங்களுக்கு வேலை தரும் கம்பெனி ஒரு மாதம் ஸ்டாக்கைக் குறைத்தால் உங்கள் மெஷின் சும்மா நிற்கும். 1.18 என்ற எண்ணைப் பார்க்கும் கடன் அதிகாரிக்கு இந்த 17 நாள்தான் கண்ணுக்குத் தெரியும். அவர் உங்கள் திறமையைச் சந்தேகிக்கவில்லை.

இப்போது விட்டுப்போன செலவு. வீட்டுக்கு மாதம் 30,000 எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையின் 45 லட்சம் செலவில் அது இல்லை. தனி உரிமையாளர் தொழிலில் உரிமையாளருக்குச் சம்பளம் என்று ஒன்று கணக்கில் வராது, லாபத்திலிருந்து எடுத்துக்கொள்வதுதான். அதனால்தான் பல அறிக்கைகளில் இது காணாமல் போகிறது. ஆனால் பள்ளிக் கட்டணமும் மளிகையும் தவணைத் தேதிக்காகக் காத்திருக்காது. வருடத்துக்கு 3.6 லட்சம். 17-இலிருந்து அதைக் கழித்தால் 13.4 லட்சம். கட்ட வேண்டியதோ 14.4. விகிதம் 0.93.

அதாவது மெஷின் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினாலும், முதல் வருடம் ஒரு லட்சம் துண்டு விழும். அதை எங்கே தேடுவீர்கள்? கிரெடிட் கார்டிலோ நகைக் கடனிலோதான். வங்கி உங்கள் கோப்பைத் திருப்பியது இந்த முறை உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது.

75 லட்சம் என்று போடும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது தவறு என்பது ஒரு பக்கம் இருக்க, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று சொல்கிறேன். கடன் பிரிவில் இருந்த காலத்தில் நானே இந்தக் கணக்கைக் கோப்பின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்ப்பேன். இரண்டு மெஷின், இரண்டு ஷிப்ட்டில் 16 மணி நேரம், மாதம் 25 நாள், 12 மாதம். பெருக்கினால் 9,600 மணி நேரம். விஎம்சிக்கு மணிக்கு 500, டர்னிங்குக்கு 300 என்று உங்கள் பில்களிலேயே இருக்கிறது. சராசரி 400. செட்டிங், ரிஜெக்‌ஷன், லோடு இல்லாத நேரம் எல்லாம் போக 70 சதவீதம் ஓடினால் 6,720 மணி, அதாவது 27 லட்சம் ரூபாய். பழைய மெஷின் 35 லட்சத்தைச் சேர்த்தால் 62. உங்கள் அறிக்கை இந்த இடத்தில் நேர்மையாக இருக்கிறது. 75 லட்சம் வேண்டுமென்றால் புது மெஷின் இரண்டும் 40 லட்சம் சம்பாதிக்க வேண்டும். அதற்கு 10,000 மணி நேரம் ஓட வேண்டும். இருப்பதே 9,600. இரண்டு நிமிடத்தில் கோப்பை மூடிவிடுவார். அதன் பிறகு நீங்கள் கொடுக்கும் உண்மையான எண்ணையும் நம்ப மாட்டார். போதாததற்கு உங்கள் ஜிஎஸ்டி கணக்கும் கரண்ட் பில்லும் அவர் மேசையிலேயே இருக்கும்.

வீட்டுப் பத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. தவணை நின்ற பிறகு வங்கி எங்கே போய்ப் பணத்தை எடுக்கும் என்ற கேள்விக்குத்தான் பத்திரம் பதில். தவணை நிற்குமா என்ற கேள்விக்கு டிஎஸ்சிஆர்தான் பதில். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. தவணை 90 நாளுக்கு மேல் பாக்கியானால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன்பின் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் வரும், அப்புறம் சொத்தைக் கையில் எடுக்கலாம். பத்திரம் பலமாக இருக்கிறது என்று இப்படி மெலிந்த விகிதத்தில் கடன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டை விற்கும்படி ஆனது. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது. குறு, சிறு தொழில்களுக்குச் சொத்து ஈடு இல்லாமல் கடன் தர சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அதன் கீழ் எடுத்துக்கொள்ள முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் கொஞ்சம் உண்டு. ஆனால் உத்தரவாதம் வங்கிக்குத்தான், கடனை நீங்கள் கட்டியே ஆக வேண்டும்.

இனி முக்கியமான விஷயம்: கடனா, மூலதனமா. கடனுக்குத் தேதி உண்டு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் அது வந்து நிற்கும். மூலதனத்துக்குத் தேதி கிடையாது. லாபம் வந்த வருடம் பங்கு கேட்கும், வராத வருடம் காத்திருக்கும். உங்கள் திட்டத்தில் 60-க்கு 48 கடன், 12 சொந்தப் பணம். ஒரு ரூபாய்க்கு நான்கு ரூபாய் கடன். தேதி உள்ள பணம் இவ்வளவு இருப்பதால்தான் 17 நாளைக்கூடத் தாங்க முடியவில்லை.

பலரும் முதலில் கேட்பது, தவணையை ஏழு வருடமாக நீட்டினால் என்ன என்று. போட்டுப் பார்த்தேன். 48 லட்சத்தை ஏழு வருடத்தில் கட்டினால் முதல் வருடத் தவணை 11.8 லட்சமாக இறங்கும். வீட்டுச் செலவு போன 13.4-ஐ அதனால் வகுத்தால் 1.14. இன்னும் போதவில்லை. மொத்த வட்டியோ 13.4 லட்சத்திலிருந்து 18.7 லட்சமாக ஏறிவிடும். வெறும் நீட்டிப்பு உங்களுக்கு மருந்தாகாது.

என் யோசனை இது. மாமாவின் 10 லட்சத்தையும், லேத் விற்ற 2 லட்சத்தையும் உள்ளே கொண்டுவாருங்கள். கடன் 36 லட்சமாகக் குறையும். அதை ஆறு வருடத்துக்குக் கேளுங்கள். அசல் மாதம் 50,000. முதல் வருடம் வட்டியோடு 9.66 லட்சம் கட்ட வேண்டும். 13.4-ஐ வகுத்தால் 1.39. இரண்டாம் வருடம் 1.49, மூன்றாம் வருடம் 1.6. ஆறு வருடச் சராசரி 1.67. இந்த எண்களோடு போனால் எந்த மேலாளரும் உட்கார வைத்துப் பேசுவார். கடன் ஒரு வருடம் கூடுதலாக ஓடினாலும் மொத்த வட்டி 12 லட்சம்தான், முதல் திட்டத்தைவிடக் குறைவு. வீட்டுச் செலவையும் எடுத்த பிறகு, முதல் வருடம் 24 நாள் வேலை நின்றாலும் தவணை தப்பாது. இது தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சு விடலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. உங்கள் சொந்தப் பணமான 12 லட்சத்தில் எதையும் நகையை அடகு வைத்துக் கொண்டுவராதீர்கள். மார்ஜின், அதாவது நாம் போட வேண்டிய சொந்தப் பங்கு, அதைக் கட்ட நகைக் கடன் வாங்குவது நம் ஊரில் சர்வசாதாரணம். காகிதத்தில் அது மூலதனம் போலத் தெரியும். உண்மையில் அதுவும் தேதி உள்ள கடன்தான், அதன் வட்டி இந்த 13.4-இலிருந்துதான் போக வேண்டும்.

மாமாவின் பணம் எந்தப் பெயரில் வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். கைமாற்றாக, அவர் கேட்டபோது திருப்பித் தருவதாக வாங்கினால், வங்கி அதைக் கடனாகத்தான் எண்ணும். அது சரியும்கூட. அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் பணத்தைக் கேட்பார், நீங்களும் கொடுப்பீர்கள். அப்போது பட்டறையில் ஓட்டை விழும். வங்கிக் கடன் முடியும்வரை இந்தப் பணத்தை எடுக்க மாட்டேன் என்று அவர் வங்கிக்கு உறுதிக் கடிதம் கொடுத்தால், பெரும்பாலான வங்கிகள் அதை மூலதனத்துக்கு இணையாக ஏற்றுக்கொள்ளும். தொகை முழுவதும் வங்கிக் கணக்கு வழியாகவே வர வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது.

இல்லை, பார்ட்னராகவே சேர்ப்போமா? ஐந்தில் ஒரு பங்கு என்பது இன்று சின்னதாகத் தெரியும். புது மெஷினின் தேய்மானமும் வட்டியும் போக முதல் வருட லாபம் ஐந்து லட்சத்துச் சொச்சம், அவர் பங்கு ஒரு லட்சம். ஆனால் கடன் முடிந்த பிறகு லாபம் 12, 13 லட்சம் என்று நின்றால், அவர் பங்கு வருடம் 2.5 லட்சம், அது முடிவில்லாமல் போகும். மூலதனம் காத்திருக்கும் என்றேன், அந்தக் காத்திருப்புக்கு விலை இதுதான். தவிர, கூட்டாண்மை என்றால் புது பான், புது ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும், கம்பெனிகளில் வெண்டர் பதிவையும் மாற்ற வேண்டும். மாமாவும் வங்கிக் கடனில் கையெழுத்துப் போட வேண்டும். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி தொழில் கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் தன் சொந்தச் சொத்து வரை பொறுப்பு. 10 லட்சம் கொடுத்தவர் 36 லட்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். இது அவருக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், உறுதிக் கடிதத்தோடு கூடிய கடனாகத்தான் வாங்குவேன். வட்டி 9 சதவீதம் என்று வைத்தால் வருடம் 90,000. அதை வருடாவருடம் கொடுத்தால் உங்கள் முதல் வருட விகிதம் 1.39-இலிருந்து 1.29-ஆக இறங்கும். அதனால் வட்டியையும் கடைசியில் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். ஆறு வருட வட்டி 5.4 லட்சம், அசலோடு 15.4 லட்சம். வங்கித் தவணை முடிந்ததும் வருடம் 13.4 லட்சம் உங்கள் கையில் நிற்கும். இரண்டு வருடத்தில் அவருக்குக் கொடுத்து முடித்துவிடலாம். தொழில் நொடித்தால் வங்கிக்குப் பிறகுதான் அவருக்குப் பணம் என்பதை மட்டும் ஒளிக்காமல், அத்தையும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, டிஎஸ்சிஆர் பார்க்காத ஒன்று. அது வருடக் கணக்கு, தவணையோ மாதாமாதம். பில் போட்ட அன்று பணம் வராது. குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், உங்கள் பட்டியலில் 75 நாள் இழுக்கும் கம்பெனிகள்தான் அதிகம் தெரிகிறது. புது மெஷினில் வரும் 27 லட்சம் பில்லுக்கு 75 நாள் என்றால், ஐந்தரை லட்சம் எப்போதும் வெளியே சிக்கிக் கிடக்கும். முதல் வருடம் அதை நிரப்பவே மிச்சம் முழுவதும் போய்விடும். விகிதம் 1.39 இருந்தும் ஏழாம் மாதம் தவணை தப்பியவர்கள் உண்டு, காரணம் இதுதான். அதனால் டேர்ம் லோனோடு சேர்த்தே ஆறேழு லட்சத்துக்கு, தேவைப்படும்போது எடுத்துப் பணம் வந்ததும் திருப்பிக் கட்டும் சிசி வரம்பும் கேளுங்கள். அதன் வட்டியை 45 லட்சம் செலவில் இப்போதே ஏற்றிவிடுங்கள். வருடம் முழுக்க ஐந்தரை லட்சம் எடுத்திருந்தால் 60,000 வரும், முதல் வருட விகிதம் 1.32 ஆகும். அசல் தொடங்க ஆறு மாத விடுப்பும் கேட்கலாம். மெஷின் வந்து இறங்கி, லோடு பிடித்து, முதல் பில் பணமாக வருவதற்கு அவ்வளவு நாள் ஆகும். விடுப்பு மாதங்களில் வட்டி ஓடும், அதை அந்தந்த மாதமே கட்டிவிடுங்கள்.

ஆடிட்டரிடம் இந்த எண்களோடு அறிக்கையை மாற்றச் சொல்லுங்கள். வீட்டுச் செலவைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். பில் தொகை பத்து சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் முதல் வருட விகிதம் 1-க்குக் கீழே இறங்கும், இரண்டாம் வருடமும் 1-ஐத் தொடாமல் கொஞ்சம் குறையும். அந்த மாதங்களில் மாமாவிடமோ வேறு எங்கோ கேட்கக்கூடிய தொகை என்ன என்பதையும் எழுதுங்கள். மெஷின் கம்பெனிக்காரர் விலை ஏறப்போகிறது என்று அட்வான்ஸ் கேட்பார். வங்கியின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.